ஆப்பை மூடும் முன் மற்றவர்களுக்குச் சொல்வது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு வழிகாட்டி

டேட்டிங் ஆப் ஒன்றில் சந்தித்த ஒருவரோடு விஷயம் உண்மையிலேயே கூடிவரத் தொடங்கிவிட்டது. ஆனால் போனில் இன்னும் பத்துப் பன்னிரண்டு மேட்ச் கிடக்கின்றன. ஒருவர் காலையில் அனுப்பிய குட் மார்னிங்குக்குப் பதில் போகவில்லை. இன்னொருவர் வரும் போயா நாளில் சந்திப்போமா என்று கேட்டிருக்கிறார். இவர்களுக்கு என்ன சொல்வது, யாருக்குச் சொல்லத் தேவையில்லை, எந்த ஒழுங்கில் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் இதை ஒருமுறை மிகவும் பிழையாகவும், பிறகு ஒருமுறை ஓரளவு சரியாகவும் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு கொழும்புக் கணக்கு. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஒருவருக்குப் பதில் சொல்லாமல் மறைந்துபோனால் அவரை மறுபடி காணாமலேயே வாழ்ந்துவிடலாம். வெள்ளவத்தையில் முடியாது. 100ஆம் இலக்க பஸ்ஸில், மரைன் டிரைவில், யாரோ ஒருவரின் கலியாண வீட்டில், கோயிலில் என்று எங்கேயாவது முட்டுப்படுவீர்கள். உங்கள் மேட்ச் ஒருவரின் அறைத் தோழர் உங்களுடைய இன்னொரு மேட்ச் ஆக இருப்பதும் நடக்கிற காரியம்தான். இந்த வட்டத்தில் பொய்ச் சாக்கு ஒன்றின் ஆயுள் இரண்டு வாரம்.

முதல் வேலை, புதியவரிடம் சொல்வது

மற்றவர்களுக்கு எழுத உட்காருவதற்கு முன், யாருக்காக விலகுகிறீர்களோ அவரோடு கதைத்திருக்க வேண்டும். ஒரு நல்ல சந்திப்பு முடிந்து காலிமுகத்திடலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே எல்லாரையும் அனுப்பிவிடுவது வேண்டாம். "நான் இனி வேறு ஒருவரையும் பார்க்கப் போவதில்லை, நீங்கள்?" என்ற கேள்வியும் அதற்கான பதிலும் இருவர் வாயிலிருந்தும் வந்திருக்க வேண்டும். அவர் "எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்" என்றால் மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லும் செய்தியும் வேறாகிவிடும்.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. டிண்டரில் கடைசி 24 மணித்தியாலத்துக்குள் ஆப்பைத் திறந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். விடைபெறுவதற்காகத்தான் திறந்தீர்கள் என்று அந்தப் புள்ளி சொல்லாது. புதியவரும் இன்னும் ஆப்பில் இருந்தால், "விலகிவிட்டேன் என்றவர் இன்றைக்கும் உள்ளே இருக்கிறாரே" என்று நினைப்பார். என் தோழி ஒருத்திக்கு இதனால் நான்கு நாள் சண்டை. "இன்றிரவு ஆப்பைத் திறந்து இரண்டு மூன்று பேருக்குச் சொல்லிவிட்டு மூடப் போகிறேன்" என்று முன்னரே ஒரு வரி அனுப்பினால் போதும்.

அடுத்தது, புதிதாக ஆட்கள் வராமல் கதவைச் சாத்துவது. டிண்டரில் அமைப்புகளுக்குள் Discovery என்பதை நிறுத்தினால் புதியவர்களுக்கு உங்கள் முகம் காட்டப்படாது. ஏற்கெனவே உள்ள மேட்ச்களோடு தொடர்ந்து கதைக்கலாம். ஆனால் நீங்கள் முன்பு லைக் போட்டவர்களுக்கு நீங்கள் அப்போதும் தெரியக்கூடும் என்பதால் ஓரிரு மேட்ச் பிந்தி வந்து விழலாம். பம்பிளில் இதற்கு Snooze, ஹிஞ்சில் Pause. மூன்றிலும் பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும். ஆப்பைப் போனிலிருந்து அழிப்பது வேறு விஷயம். அதனால் உங்கள் கணக்கு மறையாது. நீங்கள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல உங்கள் படம் அங்கே காட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

பட்டியலைப் பிரிப்பது

இந்த இடத்தில், இதை முதல்முறை செய்பவர்கள் தேவையில்லாமல் நொந்துபோகிறார்கள். எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மேட்ச் ஆகி ஒரு சொல்லும் பேசாதவருக்கும், "ஹாய்", "எங்க வேலை?" என்ற அளவில் நின்றுபோனவருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. உண்மையில் சொல்லவே கூடாது. மூன்று வாரம் பேசாத ஒருவருக்குத் திடீரென்று "நான் இப்போது ஒருவரோடு இருக்கிறேன்" என்று எழுதினால், "நீ யாரம்மா?" என்றுதான் அவர் நினைப்பார்.

சொல்ல வேண்டியவர் யார் என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். நாளைக்கு நான் மறைந்துபோனால் இவர் போனை எடுத்துப் பார்ப்பாரா? கடந்த ஒரு வாரம், பத்து நாளுக்குள் மாறி மாறிக் கதைத்தவர், சந்திப்பதற்கு நாள் குறித்தவர், ஒருமுறையாவது நேரில் சந்தித்தவர், ஆப்பிலிருந்து வட்ஸ்அப்புக்கு மாறியவர் எல்லாரும் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். என்னுடைய பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டபோது மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

மூவரில் அவசரமானவர் யார் என்றால், உங்களுக்காக எதையாவது ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர். எனக்கு அது ரொறொன்ரோவிலிருந்த ஒருவர். டிண்டரில் பாஸ்போர்ட் வசதி வைத்திருப்பவர்கள் வேறு நாட்டிலிருந்தே கொழும்பைத் தெரிவு செய்துகொள்ளலாம். அப்படித்தான் வந்து சேர்ந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது கொழும்பில் இரண்டு நாள் கூட நிற்பதாகச் சொல்லியிருந்தார், டிக்கெட் இன்னும் போடவில்லை. இப்படியானவருக்கு வார இறுதி வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. அன்றைக்கே சொல்ல வேண்டும். கோடைகாலத்தில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. நமது காலை ஏழு மணிக்கு அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. அவர் தூங்கப் போகும் நேரத்தில் இதைக் கொடுக்காமல், நமது மாலையில், அவருக்குக் காலையாக இருக்கும்போது எழுதினேன்.

செய்தியை எழுதுவது

மூவரில் மற்றொருவரை இரண்டு தடவை சந்தித்திருந்தேன். முதல் தடவை காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை, இரண்டாம் தடவை வெள்ளவத்தையில் கொத்து. இரண்டு தடவையும் காசு கொடுத்தது அவர். வத்தளையிலிருந்து வருபவர், போயா நாளில் மூன்றாம் முறை சந்திப்பதாகப் பேச்சு. அவருக்கு நான் முதலில் எழுதி, நல்லகாலமாக அனுப்பாமல் விட்ட செய்தி இது:

"ஹாய், எப்பிடி இருக்கிறீங்கள்? நிறைய யோசிச்சுத்தான் இதை எழுதுறன். நீங்கள் நல்ல மனிசன், உங்களுக்கு என்னைவிட நல்ல பிள்ளை கிடைக்கும். எனக்கு இப்ப வேலையும் கூட, வீட்டிலயும் கொஞ்சம் பிரச்சினை. கொஞ்ச நாளைக்கு ஆப் பக்கம் வரமாட்டன். பிறகு பாப்பம். கோவிக்காதேங்கோ, ஃப்ரெண்ட்ஸா இருப்பம்."

அக்காவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "சரி, போயாவுக்குப் போறியா இல்லையா?" என்று கேட்டாள். அவ்வளவு நீளச் செய்தியில் அந்த மனிதருக்குத் தேவையான ஒரே தகவல் இல்லை. வரி வரியாகப் பார்த்தால் மற்றப் பிழைகளும் தெரியும். "எப்பிடி இருக்கிறீங்கள்" என்று தொடங்கினால் அவர் "நல்ல சுகம், நீங்கள்?" என்று சந்தோஷமாகப் பதில் தட்டத் தொடங்கிவிடுவார். நல்ல பிள்ளை கிடைக்கும் என்பது ஆறுதல் மாதிரித் தெரிந்தாலும் கேட்பவருக்கு எரிச்சல்; அதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி? வேலை, வீட்டுப் பிரச்சினை இரண்டும் தீரக்கூடியவை. ஆகவே அவர் தீரும்வரை காத்திருப்பார். "பிறகு பாப்பம்" அந்தக் காத்திருப்புக்கு முத்திரை குத்துகிறது. நண்பர்களாக இருப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் அவர் அனுப்பும் மீமுக்குப் பதில் போடாவிட்டால் அது இரண்டாவது ஏமாற்று.

கடைசியில் அனுப்பியது இது:

"ஒரு விஷயம் நேரா சொல்லவேணும். நான் சந்திச்ச ஒராளோட கொஞ்சம் சீரியஸாப் போகுது. அதால இனி வேற ஒருத்தரையும் சந்திக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன். போயா அண்டைக்கு நான் வரமாட்டன். காலிமுகத்திடல்ல கதைச்ச அந்தப் பின்னேரம் எனக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்தது. ஞாயிறோட ஆப்பையும் மூடுறன்."

ஐந்து விஷயம் இருக்கிறது: காரணம், முடிவு, ரத்தாகும் சந்திப்பு, உண்மையான ஒரு நல்ல வார்த்தை, எப்போது மறைவேன் என்ற நாள். நல்ல வார்த்தையை வைப்பதானால் உண்மையில் நடந்த ஒன்றைத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. மன்னிப்பும் நான் கேட்கவில்லை. ஒருவரை இரண்டு தடவை சந்தித்துவிட்டு இன்னொருவரைத் தெரிவு செய்வது குற்றமல்ல. வரும் வழியில் இருப்பவரிடம் கடைசி நேரத்தில் சொல்வதுதான் குற்றம். அதனால் செவ்வாய்க்கிழமையே அனுப்பினேன். போயா சனிக்கிழமை வந்தது. வத்தளைக்காரருக்கு வேறு ஏதாவது திட்டம் போட நான்கு நாள் இருந்தது.

புதியவரின் பெயர், வேலை, எங்கே சந்தித்தீர்கள் என்பது எதுவும் இந்தச் செய்தியில் வரக் கூடாது. ஸ்கிரீன்ஷொட் ஆகி நாலு பேர் குழுவில் சுற்றப்போகிறது என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். ஒரே பால் உறவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையான விதி. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழல் இருக்கிற நாட்டில், உங்கள் துணையைப் பற்றிய ஒரு சின்ன விபரம்கூட வேறொருவர் கையில் இருக்கத் தேவையில்லை. அதேபோல ஒரே செய்தியை மூன்று பேருக்கும் நகல் போடாதீர்கள். அந்த அறைத் தோழர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. எந்த மொழியில், எந்தத் தொனியில் கதைத்தீர்களோ அதிலேயே முடியுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சுத்த ஆங்கிலத்துக்கு மாறினால் கம்பனியிலிருந்து வந்த கடிதம் போல இருக்கும். "நீ" என்று கதைத்தவரை இன்றைக்கு "நீங்கள்" ஆக்கினால் செய்தியின் முதல் சொல்லிலேயே அவருக்கு விளங்கிவிடும், கசக்கவும் செய்யும். இதைவிட மோசமானது நம்முடைய பெண்களிடம் இருக்கும் ஒரு பழைய வித்தை: மேட்ச் ஆனவரை ஒருநாள் "அண்ணா" என்று கூப்பிடுவது. எனக்கும் சிரிப்பு வருகிறது, ஆனால் ஒரு மாதம் வொய்ஸ் நோட்டில் கதைத்த மனிதருக்கு அது விடையல்ல. பெடியன்களின் வித்தை வேறு. அவர்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள், பிறகு மஜெஸ்டிக் சிட்டியில் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

"வீட்டில கலியாணம் பேசுறாங்கள்" என்பதும் வேண்டாம். என்னுடைய முதல் பிழை அதுதான். நம்மிடையே யாரும் கேள்வி கேட்காத சாக்கு அது என்று நினைத்துச் சொன்னேன். அந்த மனிதர் மிகவும் மரியாதையாக வாழ்த்தினார். பத்தாம் நாள் சுதந்திர சதுக்கத்தில் ஐஸ்கிரீமும் கையுமாக இன்னொருவரோடு என்னைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மெல்லத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

செய்தி போதுமா, அழைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு சந்திப்புவரை எழுத்துச் செய்தி போதும். வாசிப்பவர் தன் முகத்தை ஒருவருக்கும் காட்டாமல் வாசிக்கலாம் என்பதால் அதுவே இரக்கமானதும்கூட. அதற்கு மேலே போயிருந்தால், அல்லது கையைப் பிடித்து நடக்கிற அளவுக்கு வந்திருந்தால், அழைத்துச் சொல்லுங்கள். அழைப்பதற்கு முன் "ஒரு விஷயம் கதைக்கவேணும், அஞ்சு நிமிஷம் இருக்கா?" என்று கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு எதையும் அனுப்பாதீர்கள், வேலை முடிந்து வீடு சேரும் நேரம் நல்லது.

அனுப்பிய பிறகு

டிண்டரில் Unmatch அழுத்தினால் நீங்கள் அவர் பட்டியலிலிருந்தும் அவர் உங்கள் பட்டியலிலிருந்தும் மறைந்துவிடுவீர்கள். அதோடு முழு உரையாடலும் போய்விடும், இனித் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே அழகாகச் செய்தி எழுதி அனுப்பிவிட்டு உடனே Unmatch செய்தால், அவர் அதை வாசிக்கும் முன்னரே அது அழிந்துவிடலாம். அவர் பார்வையில் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போனவர்தான். கணக்கை அழித்தாலும் இதே கதி. குறைந்தது இரண்டு மூன்று நாள் விடுங்கள். நான் ஞாயிறு என்று நாள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பதில்கள் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். "ஓகே, சொன்னதுக்குத் தாங்ஸ், ஓல் த பெஸ்ட்" என்று வந்தால் ஒரு நன்றியோடு நிறுத்துங்கள். அந்த இடத்தில் பழைய பகிடியைத் தொடங்கி நீட்ட வேண்டாம். "யார் அது?" என்று கேட்டால் "அதை அவரிட்ட கேக்காமல் சொல்ல ஏலாது" என்பது போதுமான பதில். "ஒரே ஒரு தடவை சந்திச்சுக் கதைப்பம்" என்பதற்கு ஒருதடவை தெளிவாக இல்லை என்று சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்டால் பதில் வேண்டாம். இரண்டாவது பதிலைத் தந்தால் மூன்றாவதும் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ரொறொன்ரோக்காரர் மூன்று நிமிட வொய்ஸ் நோட் ஒன்று அனுப்பினார், கோபமும் கவலையும் கலந்தது. முழுவதும் கேட்டேன். "நீங்கள் சொல்றது விளங்குது" என்று மட்டும் எழுதினேன். அந்த மூன்று சொல்லைத் தாண்டி எழுதியிருந்தால் வாதமாகப் போயிருக்கும்.

திட்டோ மிரட்டலோ வந்தால் ஒழுங்கு மாறும். முதலில் ஸ்கிரீன்ஷொட், பிறகு ஆப்பிலேயே ரிப்போர்ட், அதற்குப் பிறகுதான் Unmatch அல்லது பிளாக். ஒழுங்கு பிழைத்தால் ஆதாரம் உரையாடலோடு சேர்ந்து போய்விடும். படத்தை வீட்டுக்கு அனுப்புவேன், போட்டுக்காட்டுவேன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதோடு பேரம் பேசாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 1938, பொலிஸ் அவசர எண் 119.

இரவல் வாங்கிய பொருள் இருந்தால் அதையும் இப்போதே கொடுத்து முடியுங்கள். என்னிடம் வத்தளைக்காரரின் குடை ஒன்று இருந்தது. நேரில் கொடுக்கப் போனால் இன்னொரு சந்திப்பாகிவிடும் என்று பிக்மீ ஃப்ளாஷில் போட்டு அனுப்பினேன். கட்டணம் குடையின் விலைக்குக் கிட்ட வந்தது, பரவாயில்லை.

மூடுவது

ஞாயிறு வந்ததும் முதலில் காசு விஷயம். மாதக் கட்டணம் கட்டியிருந்தால் ஆப்பை அழிப்பதால் அது நிற்காது. கூகிள் பிளேயிலோ அப்பிளின் ஆப் ஸ்டோரிலோ போய் சந்தாப் பகுதியில் தனியாக ரத்துச் செய்ய வேண்டும். டொலர் விலையில் கார்டிலிருந்து மாதாமாதம் போவதைப் பலர் வங்கிக் கூற்று வந்த பிறகுதான் காண்கிறார்கள். அதன்பின் அமைப்புகளுக்குள் Delete Account. முழுவதும் அழிப்பதா, வெறுமனே மறைத்து வைப்பதா என்பதைப் புதியவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒருவர் அழித்து மற்றவர் Snooze-இல் வைத்திருந்தால், அந்த வித்தியாசம் எப்படியும் ஒருநாள் பேச்சில் வரும்.

வட்ஸ்அப்பில் இருப்பவர்களை என்ன செய்வது? பிளாக் செய்ய ஒரு காரணமும் இல்லாதவரைப் பிளாக் செய்யாதீர்கள், ஆர்க்கைவில் போட்டால் போதும். ஆனால் ஸ்டேட்டஸைக் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை விலகுகிறேன் என்று எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் தேநீர்க் கோப்பையோடு நிற்கும் படத்தைப் போட்டால், அதை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார். ஸ்டேட்டஸ் தனியுரிமையில் "My contacts except..." என்பதற்குள் போய் அந்த இலக்கங்களை விலக்கிவிடலாம். அங்கே போகும்போதே பெயர்களையும் பாருங்கள். "டிண்டர் இன்ஜினியர்", "பம்பிள் வத்தளை" என்று சேமித்து வைத்திருப்பீர்கள். சாப்பாட்டு மேசையில் போன் கிடக்கும்போது அம்மாவின் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெயர் மின்னும் முன் மாற்றிவிடுங்கள்.